டிவியில் வயதுச் சான்றிதழும் எச்சரிக்கை வாசகமும்: யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

படம் போட்டா ஆரம்பத்துல சான்றிதழ் காட்டுறாங்க. சீரியலுக்கு மட்டும் ஏன் எதுவும் காட்டுறதில்ல?

ஏனென்றால் இரண்டும் இரண்டு வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. சினிமாவுக்கு 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். அதன்படி மத்திய தணிக்கை வாரியம் படத்தை முன்கூட்டியே பார்த்து 'யு', 'யு/ஏ', 'ஏ' என்று பிரிக்கிறது. டிவிக்கு 1995-ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டமும், அதற்கு ஓராண்டு முன்பே வந்த 1994-ஆம் ஆண்டின் விதிகளும். இந்த விதிகளில் 'நிகழ்ச்சி நெறிமுறை' என்று ஒரு பகுதி உண்டு. எதைக் காட்டக்கூடாது என்று அது பட்டியல் போடுகிறது. ஆனால் ஒளிபரப்புக்கு முன் யாரிடமும் போட்டுக் காட்டி அனுமதி வாங்கச் சொல்வதில்லை.

ஆகவே சீரியல், ரியாலிட்டி ஷோ, சமையல் நிகழ்ச்சி, பேட்டி எதற்கும் அரசுச் சான்றிதழ் கிடையாது. நெறிமுறையைப் படித்து, தன் நிகழ்ச்சி அதற்குள் அடங்குகிறதா என்று சேனலே முடிவு செய்து கொள்கிறது. தவறினால் பிறகு கேள்வி வரும். சினிமாவுக்குத் தேர்வு எழுதிய பிறகுதான் அனுமதி. சீரியலுக்கு அனுமதி முதலில், தேர்வு பிறகு.

'ஏ' சான்றிதழ் வாங்கின படம் டிவியில எப்படி வருது? ராத்திரி 11 மணிக்கு மேல போட்டா பரவாயில்லையா?

பரவாயில்லை என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. தியேட்டரில் 'ஏ' வாங்கிய பிரதியை இந்தியத் தொலைக்காட்சியில் எந்த மணிக்கும் போட முடியாது. நள்ளிரவு இரண்டு மணியானாலும் கூடாது.

இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மும்பையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், வீட்டு வரவேற்பறையில் வயது வந்தோர் படங்கள் ஓடுகின்றன என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கின் போக்கில்தான் 2006 ஆகஸ்டில் விதி இறுக்கப்பட்டது. படம், படப் பாடல், டிரெய்லர், புரோமோ, இசை ஆல்பம் என எதுவானாலும், இந்தியாவில் எடுத்ததோ வெளிநாட்டில் எடுத்ததோ, 'கட்டுப்பாடின்றிப் பொதுவில் காட்டத் தகுந்தது' என்று தணிக்கை வாரியம் சான்று தந்தால்தான் ஒளிபரப்பலாம்.

எனவே தயாரிப்பாளர் டிவிக்கென்று இன்னொரு பிரதி தயாரிக்கிறார். வன்முறையைக் குறைத்து, நெருக்கமான காட்சிகளை எடுத்து, வசைச் சொற்களை ஊமையாக்கி மறுபடி வாரியத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஆய்வுக் குழு புதுப் பிரதியைப் பார்த்து, போதாது என்றால் இன்னும் வெட்டச் சொல்லும். அப்புறம்தான் 'யு' அல்லது 'யு/ஏ' கிடைக்கும். 2023-இல் வந்த திருத்தச் சட்டம் இந்த வழக்கத்தைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 'ஏ' படத்துக்கு டிவியில் காட்டத் தனிச் சான்றிதழ் வேண்டும், அதற்காக வெட்டச் சொல்லும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு.

நீங்கள் பார்ப்பது டிவிக்காக வெட்டிய பிரதியா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ஆரம்பத்தில் வரும் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். தியேட்டரில் 'ஏ' என்று வந்த படத்துக்கு அங்கே 'யு/ஏ' இருக்கும், தேதியும் படம் வெளியானதற்குப் பிந்தியதாக இருக்கும். பழைய சான்றிதழ்களின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் தெரிந்தால், அந்தப் படம் வெட்டுகளுக்குப் பிறகே சான்று பெற்றது என்று பொருள். சின்ன வயதில் அந்த முக்கோணத்தை ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன்.

வெட்டி, சான்றிதழும் வாங்கிட்டா அதுக்கப்புறம் பிரச்சினையே வராதா?

வரும். 'தி டர்ட்டி பிக்சர்' நல்ல உதாரணம். சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட இந்திப் படம். 2011 டிசம்பரில் 'ஏ' சான்றிதழோடு வெளியானது. அடுத்த ஆண்டு டிவிக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வெட்டி 'யு/ஏ' வாங்கினார்கள். 2012 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலும் இரவு எட்டு மணிக்கும் போடுவதாகச் சேனல் நாள் கணக்கில் விளம்பரம் செய்தது. கடைசி நேரத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் குறுக்கிட்டு, இரவு 11 மணிக்குப் பிறகுதான் போட வேண்டும் என்றது. அன்றைய ஒளிபரப்பு நின்றுபோனது.

சான்றிதழ் கொடுத்த வாரியமும், தடுத்த அமைச்சகமும் ஒரே அரசின் கீழ்தான் இருக்கின்றன. பிறகு எப்படி இப்படி நடந்தது? நிகழ்ச்சி நெறிமுறையில் இன்னொரு வரி இருக்கிறது: குழந்தைகளுக்குப் பொருந்தாத நிகழ்ச்சிகளை, குழந்தைகள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக்கூடாது. எந்த நேரம் என்று அந்த வரி சொல்வதில்லை. ஆகவே சான்றிதழ் என்பது டிவிக்குள் நுழைய ஒரு சீட்டு மட்டும். எத்தனை மணிக்கு நுழையலாம் என்பது தனிக் கேள்வி. சட்டப்படி பெற்ற சான்றிதழை வைத்து நாள் குறித்த பிறகு கடைசி நேரத்தில் நிறுத்துவது சரியான முறையல்ல என்பது என் கருத்து. நேரத்தையும் சான்றிதழிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காது.

'யு/ஏ' படத்தைச் சின்னப் பிள்ளைங்க பார்க்கலாமா? இப்ப 7+, 13+, 16+னு வேற வருதே?

சட்டத்தின் கண்ணில் 'யு/ஏ' என்பது கட்டுப்பாடு இல்லாத சான்றிதழ்தான், கூடவே பெற்றோருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அதனால்தான் டிவியில் பகலிலும் வருகிறது. முன்பு அந்தக் குறிப்பு ஒரே வயதைச் சொன்னது: 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதினோரு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அறிவுரை என்பது எந்த வீட்டிலும் உதவாது. 2023 திருத்தம் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது.

இந்த எண்களைக் காட்டி உங்கள் பிள்ளையை யாரும் தடுக்க மாட்டார்கள். முடிவு பெற்றோருடையது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. படத்தில் 13+ என்று வந்தால், உங்கள் பத்து வயது மகளை எழுப்பி அனுப்புவதா, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா என்று யோசிக்க ஒரு தகவல் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிவியில் சான்றிதழ் சில நொடிகளே தெரியும். நடுவில் சேனல் மாற்றி வந்தவருக்கு அந்தத் தகவலும் இல்லை.

தெலுங்குப் படத்தை டப்பிங் பண்ணிப் போடுறாங்களே, அதுக்கு தெலுங்குச் சான்றிதழே போதுமா?

போதாது. டப்பிங் பிரதியை வாரியம் தனிப் படமாகவே எடுத்துக்கொள்கிறது. காட்சி அதேதான், ஆனால் பேச்சு மாறிவிட்டது. ஒரு மொழியில் சாதாரணமாகப் போகும் சொல் இன்னொன்றில் வசையாகலாம். தமிழ்ப் பிரதிக்குத் தமிழ்ச் சான்றிதழ் வேண்டும்.

சரி, சீரியலை சேனலுக்குள்ள யார் பார்த்து முடிவு பண்றாங்க?

பெரிய சேனல்களில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். 'ஸ்டாண்டர்ட்ஸ் அண்டு பிராக்டிசஸ்' என்று பெயர், பேச்சில் 'எஸ் அண்டு பி'. சட்டப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்வார்கள். அவர்கள் கையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ஒன்று அரசின் நிகழ்ச்சி நெறிமுறை. இன்னொன்று பொழுதுபோக்குச் சேனல்களின் கூட்டமைப்பு தனக்குத்தானே 2011-இல் வகுத்துக்கொண்ட உள்ளடக்க விதிகள். இந்த இரண்டாவதில்தான் சீரியல்களுக்கான வகைப்பாடு இருக்கிறது. இரண்டே வகை: 'ஜி' என்றால் எல்லோருக்கும் பொது, 'ஆர்' என்றால் வரம்புக்குட்பட்டது. 'ஆர்' வகையை இரவு 11 முதல் காலை 5 வரைதான் போடலாம். வன்முறை, பாலியல், பேய் பிசாசு மாந்திரீகம், மது புகை போதை, மதம் சாதி என்று தலைப்பு தலைப்பாக, 'ஜி'-யில் எதுவரை போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறையில் எப்படி என்று ஒரு கற்பனைச் சீரியலை வைத்துப் பார்ப்போம். இரவு ஒன்பதரை மணித் தொடர். கணவன் அடிக்கிறான், மனைவி அறைக்குள் போய்த் தற்கொலைக்கு முயல்கிறாள். கதைச் சுருக்கம் வந்தவுடனே முதல் கேள்வி: இந்தக் காட்சி 'ஜி'-க்குள் அடங்குமா? அடங்காவிட்டால் 11 மணிக்குப் போக வேண்டும், அங்கே விளம்பர வருமானம் விழுந்துவிடும். ஆகவே யாரும் 'ஆர்' கேட்பதில்லை. காட்சியை 'ஜி'-க்கு ஏற்றபடி அடக்குவதுதான் எல்லோருடைய வேலையும் ஆகிறது.

எழுத்தில் பார்க்கும்போதே முறையைக் காட்டாதே என்று குறிப்பு எழுதுவார்கள். கயிறு, முடிச்சு, நாற்காலி இவற்றின் நெருக்கக் காட்சிகள் வேண்டாம். கதவு சாத்துவதோடு வெட்டிவிடு, அடுத்து அம்மா ஓடிவருவதைக் காட்டு. படப்பிடிப்பு முடிந்து முதல் தொகுப்பு வந்ததும் மறுபடி பார்ப்பார்கள். அடிக்கும் காட்சியில் கை ஓங்குவது இருக்கலாம், ஒவ்வோர் அடியும் மெதுவாகத் திரும்பத் திரும்ப வருவது கூடாது. அந்த 'டமார்' சத்தம் பெரும்பாலும் பின்னணி இசைக்காரர் சேர்ப்பது. படத்தில் ஒன்றுமே இல்லாதபோதும் சத்தத்தால் காட்சி கொடூரமாகிவிடும். அனுபவமுள்ள ஒருவர் ஒருமுறை ஒலியை அணைத்தும், ஒருமுறை படத்தைப் பார்க்காமல் கேட்டும் சோதிப்பார். கடைசியாக, தொடக்கத்திலோ அந்தக் காட்சியின் அடியிலோ வாசகமும் உதவி எண்ணும் வரும்.

இங்கே எது தவறிப் போகும் தெரியுமா? தினசரித் தொடரில் நேரமே இல்லை. இன்று இரவு போகவேண்டிய எபிசோட் சில நாள் மாலையில்தான் கையில் வரும். கதைச் சுருக்கத்தை ஒப்புக்கொண்டவர் தொகுப்பைப் பார்க்காமலே விடும் நாளும் உண்டு. ஒரே தொடரில் திங்கட்கிழமை அடக்கமாகவும் வெள்ளிக்கிழமை எல்லை மீறியும் இருப்பதை நீங்கள் கவனித்திருந்தால், அதற்கு முக்கியமான காரணம் இந்த அவசரம்தான்.

இரவு 11 மணிங்கறது சட்டமா?

சட்டத்தில் இல்லை. நான் மேலே சொன்ன 'குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரம்' என்ற வரிக்கு, கூட்டமைப்பும் அமைச்சகமும் கொடுத்த பொருள் அது. 2010 நவம்பரில் இந்தி 'பிக் பாஸ்' நான்காம் பருவத்தை இரவு 11 முதல் காலை 5 வரைதான் காட்ட வேண்டும் என்று அமைச்சகம் உத்தரவிட்டது. சேனல் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அடுத்த ஆண்டு கூட்டமைப்பு சொந்த விதிகளை வகுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் 'பிராட்காஸ்டிங் கன்டென்ட் கம்ப்ளெயின்ட்ஸ் கவுன்சில்' என்ற புகார் குழுவையும் அமைத்தது. சுருக்கமாக பி.சி.சி.சி. அதன் முதல் தலைவர் நீதிபதி ஏ.பி. ஷா.

பிற நாடுகளில் திரையின் மூலையில் வயது எண் செய்யும் வேலையை இங்கே கடிகாரம் செய்கிறது. ஒரே டிவியைக் குடும்பமே சேர்ந்து பார்த்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று பரீட்சை லீவில் பிள்ளைகள் பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கிறார்கள், இரவு எபிசோடின் மறுஒளிபரப்பு காலை பத்து மணிக்கு வருகிறது.

பெரியவங்க சீரியலோட புரோமோ, மதியம் பசங்க பார்க்கிறப்ப வருதே. அதுக்கு விதி இல்லையா?

இருக்கிறது. படத்தின் புரோமோ என்றால் தணிக்கைச் சான்று வேண்டும். சீரியல் புரோமோவுக்குச் சான்று தேவையில்லை, ஆனால் நிகழ்ச்சி நெறிமுறை அதற்கும் பொருந்தும்.

பிரச்சினை வேறு இடத்தில். எபிசோடை ஒரு குழு தொகுக்கிறது, புரோமோவை இன்னொரு குழு. நாற்பது நிமிட எபிசோடில் கதவுக்குப் பின்னால் மறைத்த கணம்தான் முப்பது நொடிப் புரோமோவுக்கு உயிர். எபிசோடுக்குப் போடாத நெருக்கக் காட்சி புரோமோவில் இருக்கும். எபிசோட் ஒன்பதரைக்கு ஒரே தடவை, புரோமோ நாள் முழுக்க. குழந்தைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சீரியலைப் பார்க்காத வீட்டுப் பிள்ளையும் இதைப் பார்க்கிறது.

சிகரெட் பிடிக்கிறப்ப அடியில எழுத்து வருதே, அதையும் தணிக்கை வாரியம்தான் போடச் சொல்லுதா?

அது சுகாதார அமைச்சகத்தின் விதி. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டத்தின் கீழ் வந்தது, 2012 அக்டோபர் 2 முதல் இப்போதைய வடிவில் நடைமுறையில் இருக்கிறது. புகையிலைப் பொருளோ புகைக்கும் காட்சியோ இருந்தால், தொடக்கத்திலும் நடுவிலும் 30 நொடி விழிப்புணர்வுப் படம், 20 நொடி எச்சரிக்கைப் பேச்சு, காட்சி ஓடும் நேரமெல்லாம் அடியில் வாசகம். வாசகம் நிகழ்ச்சியின் மொழியிலேயே இருக்க வேண்டும்.

இந்த வாசகத்துக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. 'யு' படத்திலும் வரும். திரையில் தெரியும் எச்சரிக்கைகளிலேயே இவ்வளவு கறாரான அளவுகள் சொல்லப்பட்டது இதற்குத்தான். 'மனதைப் பாதிக்கும் காட்சிகள்' என்று வருவதற்கும், 'இத்தொடர் கற்பனையே' என்று வருவதற்கும் இப்படி நொடிக் கணக்கு கிடையாது.

செய்திச் சேனல்ல ரத்தம், பிணம் எல்லாம் காட்டுறாங்க. அங்க வயசுக் கணக்கே இல்லையா?

வகைப்பாடு இல்லை. ஆனால் நெறிமுறை உண்டு. 2023 ஜனவரியில் அமைச்சகம் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. விபத்து, தாக்குதல் காட்சிகளில் உடல்களையும் ரத்தத்தையும் மங்கலாக்காமல், சமூக ஊடகத்தில் வந்ததை அப்படியே எடுத்து, நெருக்கமாகத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று அதில் கண்டித்திருந்தது. முகத்தை மங்கலாக்கிவிட்டு அடிவாங்குபவரின் அலறலை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கிறது. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கு அந்த அலறல் மட்டும் போய்ச் சேர்கிறது.

அதே சீரியலை போன்ல ஆப்ல பார்த்தா 13+னு வருது. டிவியில ஏன் இல்ல?

ஆப் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி தளங்கள் தாங்களே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் யு, 7+, 13+, 16+, ஏ என்று ஐந்தாகப் பிரித்து, வன்முறையா, வசைச் சொல்லா, எதனால் அந்த வயது என்ற குறிப்பையும் தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்கின்றன. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி கட்டாயம்.

ஆகவே இரவு ஒன்பதரைக்கு வயதுக் குறிப்பில்லாமல் டிவியில் ஓடிய எபிசோட், பத்தரைக்கு ஆப்பில் ஏறும்போது '13+, வன்முறை' என்று வருகிறது. ஒரே காட்சி, ஒரே நிறுவனம், ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. அந்தக் குறிப்பை டிவித் திரையின் மூலையிலும் போட எந்தச் சட்டமும் தடையாக இல்லை. போட வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். அதுவரை, புதுத் தொடர் ஒன்றைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று தெரிய வேண்டுமானால் ஆப்பைத் திறந்து அந்தக் குறிப்பைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸில் உள்ள பூட்டு பெரும்பாலும் சேனலையே பூட்டும். ஒரு நிகழ்ச்சியை மட்டும் தனியாகப் பூட்ட அதை நம்பாதீர்கள்.

தப்பான நேரத்துல தப்பான காட்சி வந்துச்சு. யார்கிட்ட சொல்றது?

முதலில் சேனலிடம், எழுத்தில். கேபிள் டிவி விதிகளில் 2021 ஜூனில் வந்த திருத்தம் இதற்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது. சேனல் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புதல் தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்குச் சேனல் என்றால் அது பெரும்பாலும் பி.சி.சி.சி. அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதிலும் சரியாகாவிட்டால் மத்திய அரசு.

புகாரில் ஒன்றை மறக்காதீர்கள்: சேனல் பெயர், தேதி, மணி, நிமிடம். ஒருமுறை ஒரு சேனலுக்கு நான் எழுதிய கடிதத்தில் 'போன வாரம் மாலையில்' என்று மட்டும் இருந்தது. எந்தக் காட்சி என்று தெரியவில்லை என்ற ஒரே வரியில் பதில் முடிந்தது. இரண்டாவது முறை '6.42-க்கு, இந்தத் தொடருக்கு நடுவில் வந்த புரோமோ' என்று எழுதினேன். அந்தப் புரோமோவை மாலை நேரத்திலிருந்து எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. சேனல்கள் ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். நிமிடம் சரியாக இருந்தால் அவர்களே எடுத்துப் பார்க்க முடியும். அந்த 90 நாள் கடந்துவிட்டால் காட்சி வந்ததென்று நிரூபிக்க உங்களிடமும் எதுவும் இருக்காது, அதனால் அன்றிரவே எழுதிவிடுங்கள்.